மூன்று ஒரிஜினல் பி.எல்.லும் எங்கள் கையில், சரக்கு மட்டும் போய்விட்டது

லிங்க்ட்இன் மூலம் வெளிநாட்டு ஆர்டர் பிடிக்கும் சின்ன வியாபாரிகள், அதிலும் எஃப்.ஓ.பி. விலையில் எல்.சி.எல். சரக்கு அனுப்புகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் சுங்கை சிப்புட்டில் மசாலாத் தூள் மில் நடத்துகிறோம். மாமனார் காலத்தில் எஸ்டேட் சனங்களுக்கு அரைத்துக் கொடுத்ததுதான், இப்போது பாக்கெட்டாக ஈப்போ, பினாங்கு கடைகளுக்குப் போகிறது. மெஸ்தி உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது, ஹலால் இருக்கிறது, சரி வெளியிலும் அனுப்பலாம் என்று கம்பெனி பெயரில் லிங்க்ட்இன்னில் படங்கள் போட்டு வந்தேன். நெதர்லாந்தில் உள்ள ஓர் உணவுப் பொருள் கம்பெனியின் கொள்முதல் மேனேஜர் என்று ஒருவர் வந்தார். வந்தவர் விலையே கேட்கவில்லை. எதிலீன் ஆக்சைடு சோதனை செய்கிறீர்களா, சால்மோனெல்லா ரிப்போர்ட் உண்டா, மிளகாய் எந்த நாட்டிலிருந்து எடுக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். ஐரோப்பாவில் மசாலா இறக்குமதி செய்கிற எவரும் முதலில் கேட்கும் கேள்விகள் இவை. தொழில் தெரிந்த ஆள் என்று நினைக்க இதைவிட என்ன வேண்டும்?

கம்பெனியின் கே.வி.கே. எண்ணைக் கேட்டேன், கொடுத்தார். டச்சு வர்த்தகப் பதிவேட்டில் தேடினால் கம்பெனி இருக்கிறது, பல வருடமாக நடக்கிறது, முகவரி எல்லாம் சரி. ஆனால் அந்தப் பதிவேடு கம்பெனி இருப்பதைத்தான் சொல்லும், நம்மோடு பேசும் ஆள் அந்தக் கம்பெனிக்காரர்தானா என்று சொல்லாது. எங்களோடு பேசியவன் நிஜக் கம்பெனியின் பெயரையும், அங்கே வேலை செய்யும் ஒருவரின் பெயரையும் படத்தையும் எடுத்து மாட்டிக்கொண்டவன்.

ஆர்டர் 2,400 கிலோ மீன் கறித் தூள், கிலோ 18 வெள்ளி, மொத்தம் 43,200 வெள்ளி. முப்பது சதவீதம் முன்பணம், அதாவது 12,960 வெள்ளி, நிஜமாகவே பேங்கில் விழுந்தது. மீதி 30,240 வெள்ளியை, கப்பலில் ஏறிய சரக்குக்கான உரிமைத் தாளான பி.எல்.லின் ஸ்கேனைப் பார்த்ததும் கட்டுவது, பணம் வந்த பிறகு ஒரிஜினல் பி.எல்.லைக் கூரியரில் அனுப்புவது என்று பேச்சு. ஊரில் எல்லாரும் செய்யும் ஏற்பாடுதான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்: விலை எஃப்.ஓ.பி. போர்ட் கிளாங், கப்பல் கூலி அவன் கணக்கு, ஆகவே சரக்கைக் கப்பலில் அனுப்பிவைக்கும் ஃபார்வர்டரும் அவன் சொல்லும் கிள்ளான் கம்பெனி. வருட ஒப்பந்தம் இருக்கிறது, கூலி குறைவு என்றான். எஃப்.ஓ.பி.யில் வாங்குபவர் ஃபார்வர்டரைச் சொல்வது வழக்கம், அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஓட்டை அங்கேதான்.

எல்.சி.எல்.லில் நம் சரக்கு பத்துப் பேர் சரக்கோடு ஒரே கண்டெய்னரில் போகும். கப்பல் கம்பெனி தருவது மாஸ்டர் பி.எல்., அது ஃபார்வர்டர் பெயரில் இருக்கும், அதில் சரக்கைப் பெறுபவர் என்று எழுதியிருப்பது அந்தப் பக்கத்தில் உள்ள அவர்களுடைய ஏஜென்ட். நமக்குக் கிடைப்பது ஃபார்வர்டர் அச்சடித்துத் தரும் ஹவுஸ் பி.எல். கப்பல் கம்பெனிக்கு நம்மைத் தெரியவே தெரியாது. ராட்டர்டாமில் கண்டெய்னர் இறங்கியதும் ஏஜென்ட் மாஸ்டர் பி.எல்.லைக் காட்டி எடுத்துக்கொள்வார், பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரிஜினல் ஹவுஸ் பி.எல்.லை வாங்கிக்கொண்டுதான் அவரவர் சரக்கை விட வேண்டும். அந்தக் கடைசிப் படியில் ஏஜென்ட் ஒழுங்காக இருந்தால்தான் நம் கையிலுள்ள தாளுக்கு மதிப்பு. அவர் கதவைத் திறந்துவிட்டால், நீங்கள் மூன்று ஒரிஜினலையும் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாலும் சரக்கு போகும்.

போயிற்று. ஸ்கேன் அனுப்பிய பிறகு அக்கவுண்ட்ஸில் ஒப்புதல், இந்த வெள்ளிக்கிழமை, அடுத்த வெள்ளிக்கிழமை என்று இழுத்தான், அப்புறம் பதிலே இல்லை. கிள்ளான் ஆபீசுக்குப் போன் அடித்தால் நம்ம பையன் ஒருவன்தான் எடுத்தான். "அக்கா, சரக்கு டெலிவரி ஆயிடுச்சுன்னு காட்டுது. எங்க வேலை போர்ட் கிளாங்கோட முடிஞ்சது, அங்கே ஏஜென்ட்டைத்தான் கேக்கணும்" என்றான். ஒரிஜினல் எங்களிடம் இருக்கிறதே தம்பி என்றேன், மேலதிகாரி வந்து பேசுவார் என்றான். அவர் இன்னும் பேசவில்லை. ஏஜென்ட்டின் ஈமெயிலுக்கு அனுப்பியது எல்லாம் திரும்பி வருகிறது.

நெதர்லாந்துக் கம்பெனியின் வெப்சைட்டில் இருந்த நம்பருக்கே என் மகள் கூப்பிட்டாள். அந்தப் பெயரில் ஆள் உண்டு, ஆனால் மலேசியாவிலிருந்து அவர் எதுவும் வாங்கவில்லை, அந்த லிங்க்ட்இன் கணக்கும் அவருடையது இல்லை. முன்பின் தெரியாத ஆள் பெரிய ஆர்டர் கொடுத்தால் இந்த ஒரு போனை முதலிலேயே போடுங்கள், அவன் கொடுத்த நம்பருக்கு அல்ல.

இப்போது பின்னோக்கிப் பார்த்தால் மூன்று தடயம் தெரிகிறது. அவன் ஈமெயில் முகவரியில் கம்பெனி பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடும் கூடுதல் சொல்லும் இருந்தது, lookup.icann.org தளத்தில் அந்த டொமைனைப் போட்டால் எங்களோடு பேச ஆரம்பிப்பதற்குச் சற்று முன்புதான் பதிவாகியிருக்கிறது, நிஜக் கம்பெனியின் டொமைனோ பல வருடப் பழையது. லிங்க்ட்இன்னில் அவன் பக்கத்தில் About this profile என்று ஒன்று உண்டு, கணக்கு எப்போது தொடங்கியது என்று அதில் தெரியும். இருபது வருட அனுபவம் என்று எழுதியவனின் கணக்கு போன வருடத்துப் புதுக் கணக்கு. மூன்றாவதுதான் முக்கியம். முன்பணம் அனுப்பியவர் பெயர் நெதர்லாந்துக் கம்பெனி இல்லை, வேறு நாட்டில் உள்ள ஒரு டிரேடிங் கம்பெனி. பேங்க் அட்வைஸ் தாளில் அது அச்சாகி இருக்கிறது. பணம் வந்தால் தொகையை மட்டும்தானே பார்ப்போம்!

முன்பணம் நிஜமாகக் கொடுத்துவிட்டு எப்படி ஏமாற்றுவான் என்று என் கொழுந்தனார் இன்னும் கேட்கிறார். 43,200 வெள்ளிச் சரக்கை 12,960 வெள்ளிக்கு வாங்கியிருக்கிறான், பாதி விலைக்கு விற்றாலும் அவனுக்கு லாபம்தான் மாமா.

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டோம். 997க்கும் அடித்தோம், ஆனால் அது நம் கணக்கிலிருந்து பணம் போனால் போகிற வழியில் அதை நிறுத்துவதற்கான ஏற்பாடு, எங்களுக்குப் போனது சரக்கு. போலீசின் செமாக் மியூல் தளமும் உள்ளூர் கணக்கு, போன் நம்பர் போன்றவற்றைத் தேடத்தான் உதவும்.

இனி எங்கள் மில்லில் வெளிநாட்டுச் சரக்கு நாங்கள் பிடித்த ஃபார்வர்டரிடம்தான் போகும். விலையை சி.எஃப்.ஆர். ஆக்கி, கப்பல் கூலியை அதில் சேர்த்துச் சொல்வோம். வாங்குபவர் கொஞ்சம் முனகுவார், முனகட்டும். எஃப்.ஓ.பி.தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மீதிப் பணம் சரக்கு லோரியில் ஏறும் முன்பே வர வேண்டும். பி.எல்.லில் பெறுபவர் இடத்தில் வாங்குபவர் பெயரை நேராக எழுதவிடாமல் "டு ஆர்டர்" என்று போடச் சொல்லுங்கள், கீழே கையெழுத்து யார் சார்பில் என்றும் பாருங்கள். எங்கள் பி.எல்.லில் கிள்ளான் கம்பெனி தன் பெயரில் கையெழுத்துப் போடவில்லை, யாரோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்ட்டாகப் போட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள்.

ஒரிஜினல் இல்லாமல் சரக்கை விட்டது யாரோ அவர்கள் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஈப்போ வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பின்பக்கப் பொடி எழுத்தை அவர்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்: ஒன்பது மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போய்விடும் என்று இருக்கிறது. இதே மாதிரி யாருக்காவது நடந்து பேச்சுவார்த்தையிலேயே நாள் ஓடிக்கொண்டிருந்தால், முதலில் உங்கள் பி.எல்.லைத் திருப்பி அந்தக் கெடு எத்தனை மாதம் என்று பாருங்கள். கிள்ளானில் இதே ஆட்களிடம் சரக்குப் போட்டவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், வக்கீலுக்கு உதவும்.