என்க்ளெக்ஸ் எழுதப் போகிற சிஸ்டர்களே, உங்கள் ஏடிடி யாருடைய மெயிலுக்கு வருகிறது?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு வருடமாக ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். படித்தது பி.எஸ்ஸி. நர்சிங். அமெரிக்க லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் தேர்வு எழுத ஒரு ப்ராசஸிங் அலுவலகத்திடம் 1,65,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்தின் வரவேற்பு மேசை வரை போய், கம்ப்யூட்டரைத் தொடாமலே ஊர் திரும்பினேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் இருப்பதால் அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயனில்லை, இதே மாதிரி வேலை செய்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

வழிமுறை தெரிந்தால்தான் எங்கே மாட்டினேன் என்பது புரியும். நம் ஊரில் படித்தவர் என்க்ளெக்ஸ் எழுத முதலில் ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலத்தின் நர்சிங் போர்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நம்மவர்கள் பலரும் தேர்ந்தெடுப்பது நியூயார்க். நானும் அதுதான். அங்கே விண்ணப்பக் கட்டணம் 143 டாலர். நம் படிப்பும் பதிவும் உண்மையா என்று பார்க்கிற வேலையை சிஜிஎஃப்என்எஸ் என்ற அமைப்பு செய்கிறது, இப்போது அதன் பெயர் ட்ரூமெரிட். அதற்குக் கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்டும், சாந்தோமில் இருக்கிற தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலிலிருந்து பதிவுச் சரிபார்ப்பும் நேரடியாகப் போக வேண்டும். நம் கையால் அனுப்பினால் செல்லாது. பல மாதம் இழுக்கிற கட்டம் இதுதான், இதில் எந்த ஏஜென்டாலும் பெரிதாக எதையும் வேகப்படுத்த முடியாது.

இன்னொரு பக்கம், தேர்வை நடத்துகிற பியர்சன் வியூவில் தனியாகப் பதிந்து 200 டாலர் கட்ட வேண்டும். போர்டு 'இவர் எழுதலாம்' என்று சொன்ன பிறகு பியர்சனிடமிருந்து ஒரு மெயில் வரும். அதுதான் ஏடிடி, தேர்வு எழுத அனுமதி. அதில் ஒரு எண், காலாவதி தேதி, நம் பெயர் மூன்றும் இருக்கும். அதை வைத்துத்தான் தேதியும் மையமும் பிடிக்க முடியும். இந்தியாவில் எழுதினால் அப்போது இன்னொரு 150 டாலர். ஏடிடி பொதுவாக 90 நாள்தான் செல்லும். நீட்டிக்க மாட்டார்கள். காலாவதியானால் மறுபடி பதிந்து மறுபடி பணம். அது தபாலில் வராது, மெயிலில் மட்டும்தான் வரும். இந்தப் பதிவு முழுக்க அந்த மெயிலைப் பற்றியதுதான்.

அலுவலகத்தில் என்னிடம் பாஸ்போர்ட் நகல், மார்க் ஷீட், கவுன்சில் சான்றிதழ் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். மெயில் ஐடி மட்டும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது அங்கிருந்த மேடம், "வேணாம் சிஸ்டர், உங்களுக்குன்னு ஒரு மெயில் நாங்களே ஓப்பன் பண்ணிடுவோம், இல்லன்னா ப்ராசஸ் குழம்பிடும்" என்றார். எனக்கு அது வசதியாகத்தான் பட்டது. நைட் டியூட்டிக்கும் குழந்தைக்கும் நடுவில் யார் மெயில் பார்த்துக்கொண்டிருப்பது? சிஜிஎஃப்என்எஸ், நியூயார்க், பியர்சன் என்று மூன்று கணக்குகளும் அவர்கள் திறந்த மெயிலில் ஆரம்பிக்கப்பட்டன. தபால் முகவரியும் அவர்கள் மாடி முகவரிதான். பாஸ்வேர்டு மூன்றுக்கும் என்னிடம் இல்லை.

பிப்ரவரி முழுக்க "ஏடிடி வரல சிஸ்டர்". மார்ச்சில் "நியூயார்க்ல டிலே". மார்ச் கடைசியில் மூன்றாம் தவணை 45,000 ரூபாயைக் கட்டினேன். ஏப்ரல் 4-ஆம் தேதி வாட்ஸ்அப்பில் ஏடிடியின் ஸ்கிரீன்ஷாட் வந்தது, வாழ்த்துகள் என்று பூங்கொத்துப் படத்தோடு. காலாவதி தேதி ஏப்ரல் 20 என்றிருந்தது. அனுமதி கொடுத்த தேதியைப் பெருவிரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜனவரி 20. எழுபத்து நாலு நாள் அது அவர்கள் இன்பாக்ஸில் கிடந்திருக்கிறது, என் தவணைக்காக.

அதைவிடப் பெரிய ஓட்டை அந்த ஸ்கிரீன்ஷாட்டிலேயே இருந்தது. நம் ஊர்ப் பெயர்ப் பிரச்சினை. என் பெயர் கவிதா, அப்பா முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்க் ஷீட்டில் 'எம். கவிதா'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர், இன்னொரு கட்டத்தில் என் பெயர். அவர்கள் மார்க் ஷீட்டைப் பார்த்து பியர்சனில் அடித்திருக்கிறார்கள். ஏடிடியில் இருந்தது இது:

```
First Name: M
Last Name:  KAVITHA
```

என் பாஸ்போர்ட்டில் இருப்பது இது:

```
Surname:       MURUGESAN
Given Name(s): KAVITHA
```

உடனே போன் செய்தேன். "இன்ஷியல்தானே சிஸ்டர், ஒண்ணும் ஆகாது. ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு ஒரு நோட்டரி அஃபிடவிட் எடுத்துட்டுப் போங்க." பிறப்புச் சான்றிதழ் முதல் பி.எஃப். வரை நாம் எல்லோரும் இந்த அஃபிடவிட்டில்தான் வாழ்கிறோம், அதனால் நானும் நம்பிவிட்டேன். கோர்ட் வாசலில் 500 ரூபாய்க்கு எடுத்துவைத்துக்கொண்டேன். சென்னையில் மே மாதம்வரை இடமில்லை. ஹைதராபாத்தில் ஏப்ரல் 17 காலை கிடைத்தது. 150 டாலரை என் கணவரின் கார்டில் கட்டினோம்.

மையத்தில் அரை மணி நேரம் முன்னாலேயே இருந்தேன். பையை லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். மேசையில் இருந்த பையன் பாஸ்போர்ட்டை வாங்கி, திரையைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு பாஸ்போர்ட்டை என் பக்கம் திருப்பி, குடும்பப் பெயர் கட்டத்தில் விரலை வைத்து, "மேம், இது வேற, அது வேற" என்றார். அஃபிடவிட்டை நீட்டினேன். முழுதாகப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். பதிவிலுள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும், பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழ், விவாகரத்து ஆணை, நீதிமன்ற உத்தரவு இவற்றில் ஒன்று வேண்டும் என்று விளக்கினார். இன்ஷியலுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அமெரிக்காவுக்கு வெளியே எழுதுகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் தவிர வேறு அடையாள அட்டையும் செல்லாது என்பதால் ஆதார், பான் எதுவும் உதவாது. என் பக்கத்தில் நின்ற கேரளத்துப் பெண் உள்ளங்கையை ஸ்கேனரில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் லாக்கரைத் திறந்து பையை எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தேர்வு நாளுக்கு முன்பே பியர்சனைத் தொடர்புகொண்டு பெயரைத் திருத்தியிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. மையத்துக்குப் போன பிறகு யாராலும் திருத்த முடியாது. அடையாள அட்டை பொருந்தாமல் திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பதிவு அத்தோடு முடிந்தது, கட்டியதும் போனது. 350 டாலர், அத்தோடு ரயிலும் லாட்ஜும்.

அலுவலகத்தில் சண்டை போட்டதை நீட்டவில்லை. "எக்ஸாமுக்கு அனுப்பிட்டோம், எங்க வேலை முடிஞ்சது" என்றார்கள். ரசீதுகளை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். மூன்றிலும் 'பயிற்சிக் கட்டணம்' என்று போட்டிருந்தது. ஆள் எடுக்கிற நிறுவனம் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் உரிமம் இருக்க வேண்டும். அதைக் கேட்டபோது, "நாங்க கோச்சிங் சென்டர் சிஸ்டர்" என்று பதில் வந்தது. பயிற்சி என்று அவர்கள் கொடுத்தது நாலு ஜூம் வகுப்பு. மூன்று கணக்குகளையும் என் பெயருக்கு மாற்றித் தர 40,000 ரூபாய் கேட்டார்கள். என் சொந்தக் கணக்குகளுக்கு!

கொடுக்கவில்லை. சிஜிஎஃப்என்எஸ்ஸுக்கும் நியூயார்க் போர்டுக்கும் என் சொந்த மெயிலிலிருந்து, பாஸ்போர்ட் நகலையும் பிறந்த தேதியையும் சேர்த்து, நான் கேட்காத மெயில் ஐடி என் பெயரில் இருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று எழுதினேன். பெயர்த் திருத்தத்தையும் அதிலேயே கேட்டேன், போர்டிடம் ஒரு பெயரும் பியர்சனிடம் வேறு பெயரும் இருந்தால் இரண்டும் ஒட்டாது. கேள்விகள் கேட்டார்கள், கேட்டதை அனுப்பினேன், ஐந்து வாரத்தில் மாறிவிட்டது. பியர்சனில் புதிதாக, பாஸ்போர்ட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பணம் கட்டிய நிமிடத்தில் பதிவு கிடைத்தது என்று மெயில் வந்தது. முதல் தடவையும் இப்படி ஒன்று வந்திருக்கும், எனக்கு ஒருவரும் காட்டவில்லை. நீங்கள் பணம் கட்டியும் அந்த மெயில் உங்கள் போனுக்கு வரவில்லை என்றால், என் கதை உங்களுக்கும் ஆரம்பித்துவிட்டது.

நியூயார்க் 143, பியர்சன் 200, இந்திய மையத்துக்கு 150. மொத்தம் 493 டாலர், நான் கட்டியபோது சுமார் 42,000 ரூபாய். சிஜிஎஃப்என்எஸ் கட்டணம் தனி. அதையும் சேர்த்தும் எனக்கு ஒரு லட்சத்தைத் தொடவில்லை. மிச்சம் எதற்குக் கொடுத்தேன் என்று கணவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த மேடம் சொன்ன இன்னொன்று: "பாஸ் பண்ணிட்டா ஒண்ணரை வருஷத்துல அமெரிக்கா." லைசென்ஸ் வேறு, விசா வேறு. நர்சுகள் பெரும்பாலும் போகிற கிரீன் கார்டு பிரிவு இபி-3. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடுகிற விசா புல்லட்டினில் அந்த வரிசையில் இந்தியா என்ற பத்தியைப் பாருங்கள், பத்து வருடத்துக்கும் மேல் பின்தங்கிய தேதி நிற்கும். பிறந்த நாட்டை வைத்துத்தான் கணக்கு. அதனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த நர்ஸுக்கு வேறு பத்தி, எனக்கு இந்தியப் பத்தி. கல்ஃபில் வேலை பார்த்தாலும் அது மாறாது. இதை யாரும் மறைத்து வைக்கவில்லை, இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. மேடம் சொல்லவில்லை, நான் தேடவில்லை. தெரிந்த பிறகும் எழுதத்தான் போகிறேன், பாதி தூரம் வந்தாகிவிட்டது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன், அலுவலகம் பதிலே தரவில்லை. அதன் பிறகுதான் மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். பயிற்சிக் கட்டணம் என்ற அந்த ரசீதுகளே எனக்கு உதவும் என்கிறார் வக்கீல், பயிற்சி எத்தனை வகுப்பு என்று அவர்கள்தானே காட்ட வேண்டும். அடுத்த வாய்தா அடுத்த மாதம்.

புது ஏடிடி போன வாரம் வந்தது. நைட் டியூட்டியில், வென்டிலேட்டர் நோயாளிக்கு சக்‌ஷன் முடித்துக் கை கழுவிவிட்டு வந்தபோது போனில் மினுங்கியது. மணி 2:40. தேதியைக்கூடப் பார்க்கவில்லை, முதலில் பெயரைத்தான் பார்த்தேன்.