ஃப்ளோட்டிங் வட்டி: தவணை மாறவில்லை, அசலும் குறையவில்லை

வீட்டுக் கடன் வாங்கப் போகும் நண்பர் ஒருவர், வட்டி மாறாத ஃபிக்ஸடா, ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங்கா என்று நேற்று கேட்டார். என் கடன் ஃப்ளோட்டிங். 2022 ஜனவரியில் வாங்கினேன், 30 லட்சம், 20 ஆண்டு. அப்போது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 4 சதவீதம், வங்கி அதன்மேல் வைத்த ஸ்ப்ரெட் 2.75, ஆக வட்டி 6.75. தவணை 22,811 ரூபாய். அன்றைக்கு எனக்கு வந்த ஃபிக்ஸட் வட்டி 8.5 சதவீதம், தவணை 26,000-க்குக் கொஞ்சம் மேல். அதுவும் முதல் மூன்று ஆண்டுக்குத்தான் ஃபிக்ஸட், அப்புறம் அதுவும் ஃப்ளோட்டிங்தான். எதற்கு மாதம் 3,000 கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மே மாதமே ரிசர்வ் வங்கி ஏற்ற ஆரம்பித்தது. 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5, என் வட்டி 9.25. ஏறியதில் எனக்குக் கோபம் இல்லை, ஃப்ளோட்டிங் என்றால் ஏறும்தான். கோபம் எதில் என்றால், ஒவ்வொரு முறையும் வங்கி தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனது. சம்பளக் கணக்கில் அதே 22,811 போவதால் வீட்டில் யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. கடன் ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்தால் அந்த ஏப்ரலில் வட்டிக்கே 22,700 சொச்சம் போயிருக்கிறது, அசலுக்கு நூறு ரூபாய்கூடத் தேறவில்லை. அதே வேகத்தில் கட்டினால் அடைய 60 ஆண்டு தாண்டும்!

நேரில் போய் எழுதிக் கொடுத்து, கடனைப் பழைய 20 ஆண்டுக் காலத்துக்கே திருப்பினேன். தவணை 27,600 ஆனது. கூடுதலான மாதம் 4,800 ரூபாய்க்காக ஒரு சீட்டை நிறுத்தினோம், மகளின் பாட்டு வகுப்பை நிறுத்தக் கூடாது என்று மனைவி சொன்னதால் மீதி என் பெட்ரோலில் விழுந்தது.

2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது: வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்க வேண்டும். நல்ல விதி. ஆனாலும் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியை நம்பாமல், மாதாமாதம் அசல் எவ்வளவு குறைந்தது என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள்.

நியாயமாகச் சொன்னால் ஃப்ளோட்டிங் மோசமில்லை. 2025 பிப்ரவரி முதல் ஜூனுக்குள் ரெப்போ ஒரு சதவீதம் இறங்கியது, எனக்கும் இறங்கியது. போனஸ் வரும்போது அசலில் கட்டினால் அபராதம் கிடையாது, ஃபிக்ஸடில் அதற்குக் கட்டணம் கேட்கலாம். கணக்குப் போட்டால் ஃப்ளோட்டிங்தான்.

ஆனாலும் நண்பரிடம் ஃபிக்ஸட் எடு என்றுதான் சொன்னேன். அவருக்குச் சம்பளத்தில் பாதி தவணைக்கே போகும், நிறுத்துவதற்குச் சீட்டும் கிடையாது. அந்த ஃபிக்ஸட் எத்தனை ஆண்டுக்கு என்று மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.