விடியலில் ஜிம், மாலையில் ஓட்டம்: மண்டபம் கரையில் மூன்று கோடை

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் வீடு. வயது 41. வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் ஜிம். ஜனவரியில் 5 கிலோமீட்டரை 27 நிமிடம் 40 நொடியில் ஓடினவன், அந்த வருஷக் கோடை முடிந்து அடுத்த ஜனவரியில் அதே தூரத்துக்கு 28 நிமிடம் 50 நொடி எடுத்துக்கொண்டேன். ஒரு வருஷ உழைப்பு வியர்வையோடு போய்விட்டது. அதற்குப் பிறகு முறையை மாற்றி இரண்டு கோடை ஓட்டிவிட்டேன். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் கோடையில் செய்தது எல்லோரும் சொல்வதைத்தான். வெயில் வருமுன் ஓடு என்றார்கள். காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினேன். குளிர்காலத்தில் ஓடிய அதே வேகம், கிலோமீட்டருக்கு 6 நிமிடம். மே மாதம் ஒரு நாள் ஆறாவது கிலோமீட்டரில் கை ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. அந்தப் புழுக்கத்தில் குளிர்கிறதே, நல்லதுதான் என்று நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் ஓடினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவனைப் பார்த்து, வலை தூக்கிக்கொண்டு போன ஒரு பெரியவர் குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். "காத்து விழுந்து கெடக்கற நேரத்துல என்ன தம்பி ஓட்டம்? சாயங்காலம் காத்து ஏறுனப்புறம் ஓடுனா ஆகாதா?" என்றார். அன்று முழுக்கத் தலைவலி, குமட்டல். வெக்கையில் உடம்பு சிலிர்த்தால் அது நிறுத்தச் சொல்லும் அடையாளம் என்று அப்புறம்தான் தெரிந்தது. பயந்துபோய் மூன்று வாரம் ஷூவைத் தொடவில்லை.

பெரியவர் சொன்னது மனதில் நின்றுவிட்டது. சின்ன தெர்மாமீட்டரும் ஈரப்பத மீட்டரும் சேர்ந்த ஒரு கருவி வாங்கி வாசலில் மாட்டினேன். ஒரு மே நாளில் காலை 5:15-க்கு 28 டிகிரி, ஈரப்பதம் 88 சதவீதம். அன்றே மாலை 6 மணிக்கு 32 டிகிரி, 70 சதவீதம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் மாலை காய்ந்த காற்று போலத் தோன்றும். ஆனால் காற்று சூடாகும்போது அது தாங்கக்கூடிய ஈரம் கூடுகிறது; அதனால் சதவீதம் இறங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். நிஜமாகக் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்வது டியூ பாயிண்ட், பாடப்புத்தகத்தில் பனிநிலை என்பார்கள். இரண்டு நேரமும் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 26 டிகிரி. 24-க்கு மேலே போனாலே ஓடுகிறவனுக்குக் கஷ்டம். ஆக, நம் கரையில் விடிகாலையில் வெயில் இல்லை என்பது நிஜம், ஈரம் குறைவு என்பது பொய்.

மாலையில் இருப்பது கடல்காற்று. விடியும் நேரத்தில் கரை செத்துக் கிடக்கும், இலை ஆடாது. வியர்வை சொட்டித் தரையில் விழும். ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. முற்பகலுக்கு மேல் கடல்காற்று ஏறி மாலையிலும் வீசிக்கொண்டிருக்கும், மே கடைசியிலிருந்து கச்சான் எனும் தென்மேற்குக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஐந்தே முக்காலுக்கு, வெயில் சாய்ந்ததும், ஆண்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடா ஓரமாக ஓட ஆரம்பித்தேன். நாலு டிகிரி கூடுதல் சூட்டிலும் அதே வேகத்தில் இதயத்துடிப்பு காலையை விட நிமிடத்துக்கு ஐந்தாறு குறைவு. எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை, இரண்டு வாரம் மாற்றி மாற்றி ஓடிப் பார்த்தேன்.

ஒரு விஷயம், காற்று இருந்தால் மட்டும் போதாது, திசையும் வேண்டும். காற்று முதுகில் அடித்து, நீங்களும் அதே வேகத்தில் ஓடினால் உங்கள் மேல் காற்றே படாது. கச்சான் மேற்கிலிருந்து வரும் நாட்களில் முதலில் கிழக்கே மண்டபம் பக்கம் போவேன், உடம்பு இன்னும் சூடாகாதபோதே அந்தப் புழுக்கத்தைத் தாண்டிவிடலாம். திரும்பும்போது, சூடு ஏறின நேரத்தில், எதிர்காற்று முகத்தில் அடிக்கும். வேகம் குறையும், பரவாயில்லை. தலைகீழாகச் செய்த நாட்களில் கடைசி இரண்டு கிலோமீட்டர் நடைதான்.

வேகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இதயத்துடிப்பைக் காட்டும் நெஞ்சுப் பட்டைக்கு மாறினேன். என் உச்சத் துடிப்பு 180. சாதாரண ஓட்டத்தில் 140-ஐத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். தாண்டினால் நடை, இறங்கியதும் மறுபடி ஓட்டம். ஜனவரியில் 140 துடிப்பில் கிலோமீட்டருக்கு 6:40 ஓடியவன், மே முதல் வாரத்தில் அதே துடிப்புக்கு 7:50 எடுத்தேன். ஊர்ப் பையன்கள் நடந்தே முந்திவிடுவார்கள் போல இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் 7:25-க்கு வந்தது. உடம்பு வெக்கைக்குப் பழகுவது என்பது இதுதான்: ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் வரும், விட்டால் அதே போல் போயும் விடும். போன கோடையில் கொடைக்கானலில் உறவுக்காரர் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்து, பழைய நிலைக்கு வர ஐந்து நாள் பிடித்தது. அந்த ஐந்து நாளும் தூரத்தைப் பாதியாக்கிக்கொண்டேன்.

பட்டையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கைக்கடிகாரத்தை நம்பி நான் ஏமாந்தேன். வியர்வையில் வழுக்கி, துடிப்புக்குப் பதில் காலடி எண்ணிக்கையைக் காட்டும். நடந்துகொண்டிருக்கும்போது 165 என்றால் சந்தேகப்படுங்கள். நெஞ்சுப் பட்டை சரியாகக் காட்டும், ஆனால் உப்புதான் அதற்கு எமன். ஓடி வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். எங்கள் வீட்டுக் குழாயில் வருவதே உப்புத் தண்ணீர் என்பதால் குடிதண்ணீரில் ஒரு சொம்பு இதற்குப் போகிறது, வீட்டில் திட்டும் உண்டு. கருவியைப் பட்டையிலிருந்து கழற்றிவைக்க வேண்டும், ஈரத்தோடு மாட்டியே வைத்தால் அது இயங்கிக்கொண்டே இருந்து பேட்டரியைக் குடித்துவிடும். முதல் பட்டை 14 மாதம் தாங்கியது. இப்போது இரண்டாவது.

எல்லா ஓட்டமும் மெதுவாகவே இருந்தால் வேகம் போய்விடும். முதல் கோடையில் நான் இழந்தது அதைத்தான். ஓட்டத்தின் நீளத்தையும் நாட்களையும் குறைத்தாலும், கடுமையைக் குறைக்காமல் இருந்தால் மூச்சுத்திறன் மாதக்கணக்கில் நிற்கும். கடுமையைக் குறைத்தால்தான் இறங்கும். அதனால் வாரத்தில் ஒரு மாலை வேக ஓட்டம் உண்டு, ஆனால் துண்டு துண்டாக. ஜனவரியில் 1 கிலோமீட்டர் வீதம் ஐந்து முறை ஓடுவேன். மே மாதம் அதற்குப் பதில் 200 மீட்டர் வீதம் பத்து முறை, ஒவ்வொன்றும் 62 நொடி, நடுவில் ஒன்றரை நிமிடம் நடை. கால் முழு வேகத்தில் ஓடும், உடம்புச் சூடு ஏறுமுன் ஓய்வு வந்துவிடும். 65 நொடிக்கு மேல் போனால் அன்றைக்கு அதோடு கட்.

தண்ணீர் விஷயத்தில் ஒரே ஒரு கணக்கு போதும். ஒரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், துண்டால் துடைத்துவிட்டு, துணியில்லாமல் எடை பாருங்கள். எனக்கு முன்பு 72.4, பின்பு 71.3. நடுவில் குடித்தது 300 மில்லி. ஆக 55 நிமிடத்தில் போனது 1.4 லிட்டர், மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை. அவ்வளவையும் ஓடும்போதே குடிக்க வயிறு இடம் கொடுக்காது, தேவையும் இல்லை. எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொண்டால் சரி, மீதியை இரவுக்குள் மெதுவாகக் குடித்துக்கொள்ளலாம். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதுதான் ஆபத்து, தண்ணீர் அளவுக்கு மீறிவிட்டது, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். இளநீரும் நுங்கும் எனக்கு உயிர், ஆனால் வியர்வையில் போகும் உப்பை அவை ஈடு செய்யாது. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. உப்புப் போட்ட நீர்மோர், நீண்ட ஓட்டம் என்றால் ஓஆர்எஸ், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து. பிரஷர் மாத்திரை, சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் உப்பை டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

ஜிம்தான் எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. நான் போகும் இடம் தகரக் கூரை. மாலை ஆறு மணிக்கு வெளியே கடல்காற்று, உள்ளே 36 டிகிரி. பகல் முழுக்கக் காய்ந்த தகரம் தலைமேல் அனலைக் கொட்டும். ஒரு நாள் அந்தப் புழுக்கத்தில் டெட்லிஃப்ட் கம்பி கையிலிருந்து வழுக்கி, காலுக்கு இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. கையில் சாக் பவுடர் போட்டிருந்தேன், அது வியர்வையில் களியாகிவிட்டது. அப்போதுதான் இரண்டையும் இடம் மாற்றினேன்: காலை ஆறு மணிக்கு ஜிம், மாலையில் ஓட்டம். இரவெல்லாம் ஆறிய தகரத்தின் கீழே காலையில் 29 டிகிரிதான். வெளியே இல்லாத காற்றை ஃபேன் கொடுத்துவிடுகிறது.

ஸ்குவாட்டில் எடையைக் குறைக்கவில்லை, செட்டைக் குறைத்தேன். 80 கிலோவில் ஐந்து செட் செய்துகொண்டிருந்தவன், ஏப்ரல் கடைசியிலிருந்து அதே 80-இல் இரண்டு செட், நடுவில் இரண்டு நிமிடத்துக்குப் பதில் நாலு நிமிடம். ஓய்வு நேரத்தில் உள்ளே உட்காராமல் ஃபேன் முன்னால் நிற்பேன். ஓய்வில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் சர்க்யூட் பயிற்சிகளை ஆகஸ்டு வரை தொடவே இல்லை. ஆரம்பத்தில் ஏமாற்றுகிறோமோ என்று இருந்தது. ஜூலை கடைசியிலும் 80 ஐந்து முறை எழுந்தது. செட்டைக் கூட்டியபின் அக்டோபரில் 87.5.

இரவு கரண்ட் போய்த் தூக்கமில்லாத நாள், காய்ச்சலுக்கு அடுத்த நாட்கள், மாலையிலும் காற்று ஏறாமல் அமுங்கிக் கிடக்கும் நாள், இந்த மூன்றிலும் நான் ஓடுவதில்லை. கூட ஓடுகிறவர் பேச்சு குழறினாலோ, வழி தெரியாமல் முழித்தாலோ, வியர்வை வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்த்துக்கொண்டே விழுபவர்களும் உண்டு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் கையில் கிடைக்கும் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

காலையில் ஜிம், மாலையில் ஓட்டம் என்ற இந்த மாற்றம் கடலோரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பரமக்குடியில் இருக்கும் என் மச்சினன் இதைக் கேட்டு மாலையில் ஓடி, காற்றும் இல்லாமல் தார் ரோட்டின் சூட்டில் வெந்துபோய், இரண்டே நாளில் மறுபடி விடியலுக்கே திரும்பிவிட்டான். பெண்கடல் பக்கம், அதாவது வடக்கே பாக் விரிகுடா ஓரமாக இருப்பவர்களும் கச்சான் காலத்தில் ஓட்டத்துக்குத் தெற்குக் கரைக்கு வருவது நல்லது, நிலம் குறுகல்தானே.

மாற்றிய பிறகு வந்த முதல் ஜனவரியில் 5 கிலோமீட்டர் 27:05. போன ஜனவரியில் 26:48. அந்தப் பெரியவரை இப்போதும் சாயங்காலம் பார்ப்பேன், "இன்னைக்குக் காத்து எப்படிண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஷூ கயிறு கட்டுகிறேன்.