ஐந்துக்கு ஏழா, ஆறுக்கு ஒன்பதா, எட்டுக்குப் பத்தா? கல்லடி வீட்டு ஹோலுக்கு ஒரு விரிப்பு

கல்லடியில் புதிதாகக் கட்டிய வீட்டின் முன்ஹோல் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, எந்த அளவு கார்பெட் வாங்கலாம் என்று உறவுக்கார அக்கா ஒருவர் கேட்டிருந்தார். படத்தை வைத்து அளவு சொல்ல முடியுமா? தரையில் டைல் தெரிந்தால் முடியும். படத்தின் மேல் அடிமட்டத்தை வைத்தால் எல்லாம் பிழைக்கும், ஏனென்றால் அருகில் உள்ள டைல் பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் விழும். எண்ணிக்கை மட்டும் மாறாது. நம் வீடுகளில் அதிகம் பதிப்பது 60 சென்ரிமீற்றர் டைல், அதாவது 2 அடிக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் ஒன்றை அளந்து பார்த்துவிட்டே எண்ணத் தொடங்குங்கள். படத்தை மூலையில் நின்று, சாதாரண ஒற்றை உருப்பெருக்கத்தில், தளபாடங்களின் கால்கள் தெரிய எடுக்க வேண்டும். அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரங்கள் இழுபட்டுவிடும்.

அக்காவின் ஹோல் 6 டைல் அகலம், 8 டைல் நீளம். ஏறத்தாழ 12 அடிக்கு 16 அடி. ஒரு நீளச் சுவரோடு 7 அடிச் செற்றி, அதன் ஆழம் 3 அடி. இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி ஒவ்வொரு கதிரை. முன்விளிம்புகளுக்கு இடையே 7 அடி 8 அங்குலம். நடுவில் 4 அடி நீளமான மேசை. எதிர்ச் சுவரில் தொலைக்காட்சி மாட்டியிருந்தது. அதே சுவரோரமாகத்தான் வாசலிலிருந்து குசினிக்குப் போகும் நடைவழி. நடைவழிக்கு 3 அடி விட்டால் தேநீர்த் தட்டத்தோடு ஒருவர் தடுக்காமல் போகலாம்.

முதலில் ஐந்து அடிக்கு ஏழு அடி விரிப்பு. விலை குறைவு, இலகுவாகத் தூக்கி உதறலாம். மேசையை நடுவில் வைத்து விரித்தால் விரிப்பின் ஓரம் செற்றியின் முன்விளிம்புக்கு நேரே வந்து நிற்கும். எழும்பும்போது பாதம் ஊன்றும் இடம் அதுதான். பாதி டைலில், பாதி விரிப்பில். கதிரைகளும் இரு பக்கமும் 4 அங்குலம் தள்ளியே நிற்கும். மேசையைத் தவிர அதை அழுத்திப் பிடிக்க ஒன்றுமில்லாததால், துடைத்த தரையில் வழுக்கவும் செய்யும். இருவர் அமரும் சிறிய செற்றிக்கு இதை வாங்கலாம். இந்த ஹோலில் வழி தவறி வந்த பாய் போலத்தான் தெரியும்.

எட்டுக்குப் பத்துதான் கடைக்காரர்கள் ஆசை காட்டும் அளவு: எல்லாக் கால்களும் மேலே நிற்கும் என்பார்கள். சுவரிலிருந்து 4 அங்குலம் விட்டு விரித்தால் செற்றியின் நான்கு கால்களும் ஏறும், உண்மைதான். விரிப்பு 8 அடி 4 அங்குலத்தில் முடிகிறது, நடைவழியும் தப்பிவிடுகிறது. ஆனால் கதிரைகளையும் முழுதாக ஏற்ற 12 அடிக்கு மேல் நீளம் வேண்டும். 10 அடியில் முன்கால்கள் மட்டுமே ஏறும். அந்த வாக்குறுதி செற்றியோடு முடிகிறது. அதைவிட, செற்றியின் அடியில் மறையும் பகுதிக்கும் காசு கொடுக்கிறோம். மார்கழி மழையில் ஈரக்காலோடு வந்து, கடற்கரை மணலையும் கொண்டுவரும் ஊரில், செற்றியைத் தூக்காமல் அந்தப் பகுதியைத் தூக்கிக் காயவைக்க முடியாது. மணம் வந்தபின்தான் தெரியவரும்.

ஆறுக்கு ஒன்பதை, நீளப்பக்கம் செற்றிக்குச் சமாந்தரமாக, அதன் அடியில் 8 அங்குலம் மட்டும் செருகி விரித்துப் பாருங்கள். அதுவும் அதே 8 அடி 4 அங்குலத்தில்தான் முடிகிறது! நடக்க 3 அடி 8 அங்குலம் மிஞ்சும். செற்றியின் இரு பக்கமும் ஒவ்வொரு அடி நீண்டு, கதிரைகளின் முன்கால்களும் 8 அங்குலம் உள்ளே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் பகுதியில் பெரியதற்கும் இதற்கும் வித்தியாசம் பக்கத்துக்கு அரை அடிதான். நான் இதைத்தான் சொன்னேன். ஒரு நிபந்தனை: விரிப்பு மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்ததில் முன்கால்கள் மட்டும் ஏறினால் கதிரை பின்பக்கம் சாய்ந்ததுபோல் இருக்கும்.

வாசற்கதவு உள்ளே திறப்பதாக இருந்தால் பிணைச்சலிலிருந்து கதவின் அகலத்துக்கு டைல் எண்ணி, அந்த வளைவுக்குள் விரிப்பின் மூலை வராமல் பாருங்கள். 3 அடிக் கதவுக்கு ஒன்றரை டைல்.

வாங்குமுன் ஒரு சோதனை செலவில்லாமல் செய்யலாம். மூன்றுக்கு ஆறு அடிப் பாய்கள் மூன்றை அகலவாக்கில் அடுக்கினால் சரியாக ஆறுக்கு ஒன்பது. அதேபோலச் செற்றிக்கு அடியில் 8 அங்குலம் செருகி விரித்துவிட்டு வீட்டார் ஒரு நாள் வழமைபோல நடக்கட்டும். யாராவது ஓரத்தை மிதித்துக்கொண்டே போனால், விரிப்பைச் சுருக்க வேண்டாம். செற்றிக்கு அடியில் இன்னும் 4 அங்குலம் தள்ளுங்கள்.