மெலிந்த மணிக்கட்டுக்குப் பெரிய கைக்கடிகாரம்: துளை போட விடுவதற்கு முன் அளந்து பாருங்கள்

திருகோணமலை நகரின் கடைத்தெருவில் உள்ள ஒரு கைக்கடிகாரக் கடையில், ஓய்வு பெற்ற என் தந்தைக்காக வாங்கிய கடிகாரம் அவர் கையில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கடையின் பெயரைக் குறிப்பிடுவது என் நோக்கமன்று. அங்கே கையாளப்பட்ட முறை வேறு கடைகளிலும் நடக்கக்கூடியது என்பதாலும், அதை அளவுகோல் ஒன்றைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என்பதாலும் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

தந்தையின் மணிக்கட்டு மெலிந்தது. சுண்டுவிரல் பக்கத்தில் புடைத்திருக்கும் எலும்புக்குச் சற்று மேலே, முழங்கைப் பக்கமாக, கடிகாரம் வழக்கமாக அமரும் இடத்தில் தையல் நாடாவைச் சுற்றி அளந்தால் 158 மில்லிமீட்டர் வரும். காலையிலும் பிற்பகல் வெயிலிலும் அளந்து, வெக்கையில் கை சற்றுப் பருக்கும் என்பதால் பிற்பகல் அளவையே ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அந்தத் துண்டைக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை மேசையில் வைத்துவிட்டு, 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கடிகாரத்தை எடுத்துத் தந்தையின் கையில் வைத்தார். "இப்ப எல்லாரும் இந்த அளவுதான் கட்டுறாங்க, தம்பி. ஐயாவுக்கு எடுப்பா இருக்கும்" என்றார். பட்டியைக் கொக்கியில் மாட்டாமல், மணிக்கட்டின் அடியில் இரு முனைகளையும் தம் விரல்களாலேயே இறுக்கிப் பிடித்துக் காட்டினார். அப்படிப் பிடித்தால் எந்தக் கடிகாரமும் கச்சிதமாக அமர்ந்ததுபோல்தான் தெரியும்.

பணம் செலுத்திய பிறகே உண்மை தெரிந்தது. தொழிற்சாலையில் போடப்பட்ட ஏழு துளைகளில் மிக உட்புறமானதில் மாட்டியும் கடிகாரம் கையில் சுழன்றது. "அளவாக்கித் தாறன்" என்று சொல்லி, எங்களிடம் கேட்காமலேயே உள்ளே கொண்டுபோய் மேலும் இரண்டு துளைகளைப் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, பட்டியில் துளை போட்டாயிற்று, இது இனிப் பாவித்த பொருள், மாற்றித் தர இயலாது என்று கூறிவிட்டார். பொருத்தமற்ற பொருளைத் தலையில் கட்டிவிட்டு, அதைத் திருப்ப முடியாதபடி ஆக்கியதும் அவரே.

விட்டத்தைப் பொறுத்தவரை, கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வது சாவிக் குமிழைச் சேர்க்காத உடலின் குறுக்களவை மட்டுமே. மணிக்கட்டின் குறுக்கே கடிகாரம் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. பட்டி பிணைக்கப்படும் கொம்புகள், அதாவது லக்குகள், மேலும் கீழும் நீண்டிருக்கின்றன. மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனிவரை உள்ள நீளமே முதலில் கேட்க வேண்டிய அளவு. ஒரே 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரு கடிகாரங்களில் ஒன்றின் கொம்பு நீளம் 47 ஆகவும் மற்றொன்றின் நீளம் 51 ஆகவும் இருக்கலாம். நாங்கள் வாங்கியது 51. தந்தையின் மணிக்கட்டின் மேற்பக்கத்தில், வளைந்து இறங்கத் தொடங்கும் இடங்களுக்கு இடைப்பட்ட தட்டையான பகுதி ஏறத்தாழ 46 மில்லிமீட்டர்தான். ஆகவே இரு பக்கமும் இரண்டரை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு, கொம்புகளுக்கும் தோலுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. பட்டி தோலோடு ஒட்டி இறங்காமல் அந்தரத்தில் தொங்கி இறங்கியது. கையை மேல்நோக்கி மடக்கும்போதெல்லாம் சாவிக் குமிழ் புறங்கையில் குத்தி வடு விழுந்தது.

பட்டியின் கணக்கு இன்னும் தெளிவானது. அதை முழுமையாகச் சொல்கிறேன், ஏனெனில் துளை போட்டால் சரியாகிவிடும் என்ற வாக்குறுதி இங்கேதான் உடைகிறது. மணிக்கட்டின் சுற்றளவு 158. கடிகாரத்தின் அடியில் விடும் இடைவெளிக்கும் வெக்கையில் பருப்பதற்குமாக 5 சேர்த்தால் 163 மில்லிமீட்டர் தேவை. பட்டியைத் தாங்கும் ஸ்பிரிங் கம்பிகள் கொம்பு நுனிகளுக்குச் சற்று உள்ளே இருப்பதால் அவற்றுக்கிடையே 47. கொக்கியுள்ள குட்டைத் துண்டு 75. இவ்விரண்டுமே 122 ஆகிவிடுகின்றன. துளைகளுள்ள நீளத் துண்டுக்கு மிஞ்சுவது 41. ஆனால் அந்த 120 மில்லிமீட்டர் துண்டில், ஸ்பிரிங் கம்பிக்கு மிக அருகிலுள்ள துளையே 53 மில்லிமீட்டர் தள்ளித்தான் இருந்தது. 12 மில்லிமீட்டர் தளர்வு. துளைகள் 6 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்திருந்ததால் கூடுதலாக இரண்டு துளை போட்டார். சுற்றளவு சரியாயிற்று, வேறெதுவும் சரியாகவில்லை. கொக்கியைத் தாண்டி மிஞ்சிய வால் 79 மில்லிமீட்டர், அது படிய வேண்டிய குட்டைத் துண்டோ 75 மட்டுமே. வால் அந்தத் துண்டு முழுவதையும் கடந்து கொம்பில் முட்டி வெளியே துருத்தியது. குட்டைத் துண்டு அளவுக்கு மீறி நீளமாக இருந்ததால் கொக்கியும் மணிக்கட்டின் அடி நடுவில் நில்லாமல் கட்டைவிரல் பக்கமாக ஏறிக்கொண்டது. அதன் இழுப்பில் கடிகாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே இருந்தது. எத்தனை துளை போட்டாலும் குட்டைத் துண்டின் நீளம் குறையாது.

மெலிந்த கைகளுக்கென்றே 65-க்கு 105 என்ற அளவில் குட்டைப் பட்டிகள் விற்கப்படுகின்றன. கடையில் கிடைக்காவிட்டால் வரவழைத்துத் தரச் சொல்லலாம். ஆனால் எங்கள் கடிகாரத்துக்கு அது பாதித் தீர்வுதான், ஏனெனில் 51 மில்லிமீட்டர்க் கொம்பை எந்தப் பட்டியும் சுருக்காது.

பின்னர் வேறொரு கடையில் 37 மில்லிமீட்டர் விட்டமும் 44 மில்லிமீட்டர்க் கொம்பு நீளமும் கொண்ட ஒன்றை வாங்கினோம். அந்தக் கடைக்காரர் கேட்டவுடன் வெர்னியர் கருவியால் அளந்து காட்டினார். முதல் கடிகாரத்தின் பட்டி 22 மில்லிமீட்டர் அகலம், இதற்கு 18 வேண்டும் என்பதால் பழைய பட்டி இதற்கு உதவவில்லை. 65-க்கு 105 பட்டியே போட்டோம். இங்கே கம்பிகளுக்கிடையே 40, குட்டைத் துண்டு 65, மிஞ்சுவது 58. ஏழு துளைகளில் நான்காவது 59-இல் இருக்கிறது. நடுத்துளையிலேயே அமர்வதால் வெயிலில் ஒரு துளை தளர்த்தவும் குளிரில் ஒரு துளை இறுக்கவும் இடமிருக்கிறது. வாலும் கொக்கியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன.

கடையில் கைபேசியைக் கைக்கு மிக அருகில் வைத்துப் படமெடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அருகிலிருந்து எடுக்கும்போது கடிகாரம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். கண்ணாடியின் முன் நின்று கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். விரலால் பிடித்துக் காட்டுவதை ஏற்காமல், கொக்கியில் மாட்டித்தான் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். உட்புறத் துளையிலும் தளர்ந்திருந்தால் அந்தப் பட்டி உங்களுக்கானதன்று. பணம் கொடுப்பதற்கு முன், கொம்பு நீளத்தையும் பட்டியின் இரு துண்டுகளின் நீளத்தையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். மாற்றித் தருவதாகச் சொன்னால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எங்களுடைய பற்றுச்சீட்டில் விலையும் மாதிரி இலக்கமும் மட்டுமே இருந்தன. ஆயினும் அதன் பிரதியையும், துளைகள் தெளிவாகத் தெரியும் பட்டியின் படங்களையும் இணைத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தின்படி விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால், இதே நிலையில் இருப்பவர்கள் பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் காலம் தாழ்த்தாது அனுப்புங்கள்.