செமாக்ளூடைடா, டிர்செபடைடா: வயிறு மந்தமாவதும் பசி அடங்குவதும்

சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் அங்குள்ள செல்கள் ஜி.எல்.பி-1 என்ற, பசியை அடக்கும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அதன் ஆயுள் ஓரிரு நிமிடம்தான், டி.பி.பி-4 என்ற நொதி உடனே அதை வெட்டிவிடும். எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும், ஆனால் அந்த வெட்டுக்குத் தப்பும்படி மாற்றப்பட்டவை. கூடவே ஒட்டியிருக்கும் கொழுப்பு அமில வால் ரத்தத்திலுள்ள அல்புமினைப் பற்றிக்கொள்கிறது, அதனால் மருந்து சீக்கிரம் வெளியேறுவதில்லை. பாதியாகக் குறைய செமாக்ளூடைடுக்குச் சுமார் 7 நாள், டிர்செபடைடுக்குச் சுமார் 5 நாள்.

செமாக்ளூடைடு 0.25 மி.கி.யில் தொடங்கும். அடுத்த ஊசி போடும் நாளில் உடம்பில் 0.125 மிச்சமிருக்கும், புது ஊசியோடு சேர்ந்து 0.375 ஆகும். நான்காவது ஊசி முடிந்ததும் 0.47 அளவுக்கு வந்துவிடும்; அதற்குமேல் 0.5-ஐத் தாண்டாது. ஒவ்வொரு படியிலும் 4 வாரம் நிற்கச் சொல்வது வயிறு பழகி உபாதை குறைவதற்காக; இந்தக் கணக்கும் அதற்குப் பொருந்துகிறது. டிர்செபடைடு 2.5 மி.கி.யில் தொடங்கும், அதற்கும் 4 வாரம்.

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இந்த ஊசிகளால் இரைப்பை மந்தமாகி, சாப்பாடு மெதுவாக இறங்குவதால்தான் பசி போகிறது என்று நினைக்கிறார்கள். மந்தம் முதல் ஊசிகளில்தான் அதிகம்; போகப் போக இரைப்பை ஓரளவு பழகிக்கொள்ளும். பசி குறைவது தொடரும். மூளைத்தண்டிலும் ஹைப்போதலாமஸிலும் உள்ள ஏற்பிகளில் மருந்து வேலை செய்வதே அதற்குக் காரணம். இரண்டு இட்லியிலேயே போதும் என்று தோன்றுவது பெரும்பாலும் மூளையின் வேலை. ராத்திரி சாப்பிட்டது காலையிலும் முட்டை நாற்றத்தோடு ஏப்பமாக வந்தால் அது இரைப்பையின் வேலை. அப்போது அளவைக் கூட்டாமல் மருத்துவரிடம் சொல்லி அதே படியில் நிற்பதும், எண்ணெய்ப் பலகாரத்தை விட்டுச் சிறிது சிறிதாகச் சாப்பிடுவதும் நல்லது.

டிர்செபடைடு ஜி.ஐ.பி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் ஏற்பியையும் தூண்டுகிறது. 2025-இல் வெளியான நேரடி ஒப்பீட்டில் 72 வாரத்தில் டிர்செபடைடு எடுத்தவர்களுக்கு சராசரியாக 20.2 சதவீதமும், செமாக்ளூடைடு எடுத்தவர்களுக்கு 13.7 சதவீதமும் எடை குறைந்தது. எடை மட்டுமே குறி என்றால் டிர்செபடைடுதான் முன்னால் நிற்கிறது. ஆனால் கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிர்செபடைடின் ஆரம்ப மந்தம் அந்த மாத்திரை ரத்தத்தில் சேர்வதைக் குறைக்கிறது. எனவே தொடங்கியபின் 4 வாரமும், ஒவ்வொரு முறை அளவு கூட்டியபின் 4 வாரமும் ஆணுறை போன்ற வேறு வழியும் வேண்டும். செமாக்ளூடைடுக்கு இந்த எச்சரிக்கை இல்லை.

அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தரப்போகிறார்கள் என்றால் எந்த ஊசியானாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வெறும் வயிறு என்று நினைத்தாலும் உள்ளே சாப்பாடு தங்கியிருக்கலாம். அது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போவது ஆபத்து.

பல வாரம் ஊசி விட்டுப்போனால் பழைய பெரிய அளவிலேயே மறுபடி தொடங்காதீர்கள். இரைப்பை பழகியது கலைந்திருக்கும், வாந்தி பலமாக வரும். எந்தப் படியில் தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.