120 செ.மீ. என்று சொல்லி 24 செ.மீ. லென்சைத் தலையில் கட்டிவிட்டார்கள்

மாணவர்களோடு சேர்ந்து நிலவைப் பார்க்கத் தொலைநோக்கி செய்வதற்காக, ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் 1,400 ரூபாய்க்கு இருபுறக் குவிலென்சு வாங்கினேன். உடன் வந்த சீட்டில் வளைவு ஆரங்கள் 20 செ.மீ., 30 செ.மீ., ஒளிவிலகல் எண் 1.5, குவியத் தொலைவு 120 செ.மீ. என்று இருந்தது. அதை நம்பிக் குழாயை அறுத்தோம். கண்ணருகு லென்சை எவ்வளவு நகர்த்தியும் வெறும் மங்கல் வெளிச்சம்தான். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது.

லென்சைக் கழற்றி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரின் முன் பிடித்தேன். சுவரிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்தில் லென்சு வந்தபோது, தூரத்துத் தென்னை தலைகீழாக, கீற்றுக் கீற்றாகச் சுவரில் விழுந்தது. தூரத்துப் பொருளின் பிம்பம் தெளிவாக விழும் தூரம்தான் குவியத் தொலைவு. அளந்தால் 24 செ.மீ.!

கடைக்காரர் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. தாளில் கணக்கே போட்டுக் காட்டினார்:

```
1/f = (n − 1)(1/R1 − 1/R2)
0.5 × (1/20 − 1/30) = 1/120
```

சமன்பாடு சரி, அதில் இட்ட எண்தான் தவறு. ஒளி முதலில் தொடும் பரப்பின் வளைவு மையம் லென்சுக்கு அப்பால் இருக்கிறது, அதனால் R1 = +20. இரண்டாம் பரப்பின் மையமோ ஒளி வரும் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் R2 = −30. கழித்தல் கூட்டலாகிவிடும்:

```
0.5 × (1/20 + 1/30) = 1/24
```

இரு ஆரங்களும் சமமாக இருந்திருந்தால் அவர் கணக்கில் 1/f பூச்சியமாகி, பிழை உடனே பிடிபட்டிருக்கும். ஆரங்கள் வேறுபடும்போது நம்பும்படியான ஓர் எண் வந்து நிற்கிறது. ஆபத்து அங்கேதான்.

“திருப்பி மாட்டிப் பாருங்கள் சார்” என்றார். திருப்பினால் R1 = +30, R2 = −20; விடை மீண்டும் 24தான். அவர் முறைப்படி போட்டால் −120 வரும். நடுவில் தடித்த இந்தக் கண்ணாடி, திருப்பிப் பிடித்ததும் காற்றில் ஒளியை விரித்துவிடுமா? திருப்புவதால் மாறுவது பிம்பத்தின் கூர்மை மட்டுமே: அதிகம் வளைந்த 20 செ.மீ. பக்கம் மரத்தை நோக்கி இருந்தபோது விளிம்புகள் தெளிவாக இருந்தன.

ஒருவேளை ஆரங்களே தவறோ என்று, பரப்பின் வளைவை அளக்கும், கால் இடைவெளி 4 செ.மீ. உள்ள கோளமானியை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் 1.34 மி.மீ., மறுபக்கம் 0.89 மி.மீ. உயரம். R = l²/6h + h/2 என்ற வாய்பாட்டின்படி 20, 30 செ.மீ. சரியாகவே வந்தன. இரு பக்கமும் வெளியே புடைத்திருந்தன. இதே ஆரங்களில் 30 செ.மீ. பக்கம் குழிந்திருந்தால்தான் 120 செ.மீ. கிடைக்கும்.

அளவுகளைக் காட்டியும் பணம் தர மறுத்துவிட்டார். அதே சீட்டு ஒட்டிய லென்சுகள் இன்னும் அந்த அலமாரியில் இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் கடை வாசலில் தூரத்துக் கட்டடத்தின் பிம்பத்தை ஓர் அட்டையில் விழவைத்து, லென்சுக்கும் அட்டைக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்துவிடுங்கள்.